அரியருக்குக் காரணம் எழுதும்போது: எஸ்.ஓ.பி.யில் ஒரு பத்தியைச் சரிசெய்தல்

கேள்வி: "2021–25 பேட்ச், ஈ.சி.இ., அண்ணா பல்கலைக்கழக 2021 ரெகுலேஷன். மூன்றாவது செமஸ்டர் தொடங்கும்போது அப்பாவுக்கு டயாலிசிஸ் ஆரம்பித்தது. வாரம் ரெண்டு நாள் நான்தான் கூட்டிப்போவேன். அந்த ரெண்டு செமஸ்டரில் சிக்னல்ஸ் உட்பட ஐந்து அரியர். இரண்டாவது செமில் மேத்ஸ் ஒன்று அதற்கு முன்பே போயிருந்தது. ஐந்தாவது செமில் அக்கா வேலை மாற்றிக்கொண்டு ஊருக்கே வந்துவிட்டாள். ஆறாவது செமுக்குள் எல்லாம் கிளியர். சி.ஜி.பி.ஏ. 7.2, கடைசி நாலு செமஸ்டர் மட்டும் பார்த்தால் 8.2. ஜி.ஆர்.இ. 301. அமெரிக்காவில் சிக்னல் பிராசசிங் எம்.எஸ்.ஸுக்குப் போடுகிறேன். கன்சல்டன்சியில் இதையெல்லாம் எழுதவே வேண்டாம் என்கிறார்கள். நண்பன் எல்லாவற்றையும் எழுது என்கிறான். நான் எழுதிய பத்தி இது, யாரையாவது குறை சொல்வதுபோல் இருக்கிறதா?

'எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது என் தந்தையின் சிறுநீரகங்கள் செயலிழந்தன. பெரியப்பாக்கள் யாரும் உதவ முன்வரவில்லை. துறைத் தலைவர் என் நிலைமையைப் புரிந்துகொள்ளாமல், தவறவிட்ட இன்டர்னல் தேர்வுகளை மறுபடி எழுத அனுமதி மறுத்தார். சிக்னல்ஸ் பாடத்துக்கு நடுவில் ஆசிரியர் மாறினார், புதியவர் சரியாக நடத்தவில்லை. இவற்றால் என் மதிப்பெண்கள் பாதிக்கப்பட்டன. இருந்தும் மனம் தளராமல் போராடி எல்லாவற்றையும் வென்றேன்.'"

பதில்:

எழுதத்தான் வேண்டும். கன்சல்டன்சி சொல்வது ஒரே ஒரு அரியர் இருப்பவருக்குச் சரி. உங்களுக்கு அது பொருந்தாது. முதுகலைச் சேர்க்கைக் குழுவில் உட்கார்ந்து விண்ணப்பங்களைப் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பெரும்பாலானவர்கள் முதலில் திறப்பது மதிப்பெண் பட்டியலைத்தான், ஏன் இந்தப் படிப்பு என்று நீங்கள் எழுதும் எஸ்.ஓ.பி. அதற்கு அப்புறம்தான் வரும். உங்கள் பட்டியலில் இரண்டு செமஸ்டர் பள்ளமாக இருப்பது ஒரு நிமிடத்தில் கண்ணில் பட்டுவிடும். அதோடு விழுந்த பாடங்களில் ஒன்று சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ். நீங்கள் கேட்பதோ சிக்னல் பிராசசிங் படிப்பு. நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் படிப்பவர் தானாக ஒரு காரணத்தை ஊகித்துக்கொள்வார். அது பெரும்பாலும் "இவருக்கு இந்தப் பாடம் வரவில்லை" என்பதாகத்தான் இருக்கும்.

அந்த இடத்தில் படிப்பவர் மனத்தில் ஓடும் கேள்விகள் மிகச் சில. என்ன நடந்தது, எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை? அது மதிப்பெண்ணை எந்த வழியில் தொட்டது? இப்போது அது முடிந்துவிட்டதா, அல்லது இங்கே வந்த பிறகும் தொடருமா? விழுந்த பாடங்கள் இப்போது இவருக்குத் தெரியுமா? உங்கள் பத்தியை இந்தக் கேள்விகளோடு வைத்துப் பாருங்கள். முதல் கேள்விக்கு அரைப் பதில்தான் இருக்கிறது. மற்றவற்றுக்கு ஒன்றுமே இல்லை. ஆனால் பெரியப்பாக்கள், துறைத் தலைவர், புது ஆசிரியர் மூவரைப் பற்றியும் தீர்ப்பு இருக்கிறது. படிப்பவருக்கு இவர்களைத் தெரியாது. அவர்கள் பக்கத்தைக் கேட்கவும் வழி இல்லை. சரிபார்க்க முடியாத ஒரு குற்றச்சாட்டைப் படித்தால் அவர் என்ன செய்ய முடியும்? நம்பவும் முடியாமல், மறுக்கவும் முடியாமல், எழுதியவர் மேல் ஒரு சின்னத் தயக்கத்தோடு அடுத்த விண்ணப்பத்துக்குப் போய்விடுவார். உங்கள் ஆதங்கம் நியாயமானதாகவே இருக்கலாம். அதை அலசும் இடம் இந்தப் பத்தி இல்லை.

குறை சொல்லும் தொனியை எடுக்க வேண்டும் என்றால் பலரும் செய்வது சொற்களை மென்மையாக்குவது. "மறுத்தார்" என்பதை "அனுமதி கிடைக்கவில்லை" என்று மாற்றுவார்கள். அது போதாது, உள்ளே இருக்கும் புகார் அப்படியே தெரியும். நான் மாணவர்களிடம் சொல்லும் வழி வேறு. அந்த நிகழ்வு மதிப்பெண்ணை எப்படிக் குறைத்தது என்பதைத் துல்லியமாக எழுதுங்கள். அது துல்லியமாக வந்துவிட்டால் ஆட்களுக்கு அங்கே வேலை இருக்காது.

உங்கள் துறைத் தலைவர் வாக்கியத்தையே எடுத்துக்கொள்வோம். 2021 ரெகுலேஷனில் தியரி பாடத்துக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60. மொத்தத்தில் 50 வந்தால் பாஸ். இன்டர்னல் தேர்வுகளைத் தவறவிட்டவருக்கு 40க்கு 12தான் கிடைத்தது என்று வையுங்கள். அவர் தேற வேண்டுமானால் செமஸ்டர் தேர்வில் 60க்கு 38 எடுக்க வேண்டும். இன்டர்னலில் 32 வாங்கிய பக்கத்து இருக்கைக்காரருக்கு செமஸ்டர் தேர்வுக்கென்று உள்ள குறைந்தபட்ச மதிப்பெண்ணைத் தாண்டினாலே போதும். இதுதான் உங்கள் அரியர்களின் உண்மையான கதை. அமெரிக்காவில் இருக்கும் பேராசிரியருக்கு இந்தக் கணக்கு தெரியாது. ஆனால் "பாடத்தின் 40 சதவீதம் இன்டர்னலில் இருந்து வருகிறது, பெரும்பாலான இன்டர்னல் தேர்வுகள் நடந்த நாட்களில் நான் மருத்துவமனையில் இருந்தேன்" என்று ஒரு வரி சொன்னால் உடனே புரிந்துகொள்வார். துறைத் தலைவர் மறுபடி எழுத விட்டாரா இல்லையா என்பது அதற்குப் பிறகு அவருக்குத் தேவைப்படாது.

பெரியப்பா வாக்கியமும் இப்படித்தான். அவர்கள் ஏன் வரவில்லை என்பது குடும்பத்துக்குள் இருக்கும் விஷயம். சேர்க்கைக் குழுவுக்குத் தேவையான தகவல், அந்த ஓராண்டு அந்தப் பொறுப்பு யாரிடம் இருந்தது என்பது மட்டும்தான். "அழைத்துச் செல்லும் பொறுப்பு என்னுடையதாக இருந்தது" என்று எழுதினால் போதும். கவனித்தீர்களா, இதில் நீங்கள் பாதிக்கப்பட்டவராகத் தெரியவில்லை. ஒரு வேலையை எடுத்துச் செய்தவராகத் தெரிகிறீர்கள். நடந்ததும் அதுதான்.

ஆசிரியர் மாறிய விஷயத்தை நான் முழுசாகவே எடுத்துவிடுவேன். காரணம், உங்கள் வகுப்பில் அறுபது பேர் அதே ஆசிரியரிடம்தான் படித்திருப்பார்கள். அவர்களில் பாதிப் பேர் தேறியிருந்தால் அந்தக் காரணம் நிற்காது. உங்கள் கல்லூரியிலிருந்தே இன்னொருவர் அதே துறைக்கு விண்ணப்பித்திருக்கவும் வாய்ப்பு உண்டு. மூன்று காரணம் சொன்னால் வலு கூடும் என்று நினைப்போம். நடப்பது நேர்மாறு. டயாலிசிஸ் என்ற ஒரு காரணமே முழுப் பளுவையும் தாங்கும். அதன் பக்கத்தில் ஒரு பலவீனமான காரணத்தை வைத்தால் நல்ல காரணமும் சேர்ந்து இளைத்துவிடும்.

அடுத்து, நீங்கள் போகிறபோக்கில் சொன்ன அந்த இரண்டாவது செமஸ்டர் மேத்ஸ். இது சின்ன விஷயம் இல்லை, பத்தியின் நம்பகத்தன்மையே இதில்தான் இருக்கிறது. உங்கள் பத்தி "எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது" என்று ஆரம்பிக்கிறது. கையில் மதிப்பெண் பட்டியலை வைத்திருப்பவர் மேலே பார்க்கிறார், அப்பா நோய்வாய்ப்படும் முன்பே ஒரு பாடம் போயிருக்கிறது. அந்த நொடியில் மற்ற வரிகள் மேலும் சந்தேகம் விழுந்துவிடும். அதனால் அதை ஒரு வரியில் தனியாகப் பிரித்து வையுங்கள்: அது இதற்கு முந்தையது, அதற்கு நான் சரியாகத் தயாராகவில்லை, பிறகு எழுதித் தேர்ந்தேன். அவ்வளவுதான், வருத்தம் தெரிவிக்கும் வரி எதுவும் வேண்டாம். ஒன்றைத் தன் பொறுப்பு என்று ஒத்துக்கொள்கிறவர் மற்ற ஐந்துக்குச் சூழ்நிலை காரணம் என்று சொன்னால் நம்புவது எளிது.

கடைசி வாக்கியம் "மனம் தளராமல் போராடி வென்றேன்" என்பது. நீங்கள் போராடியது உண்மை, எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த இடத்தில் படிப்பவருக்கு வேண்டியது எண்ணும் மாதமும். ஆறாவது செமஸ்டருக்குள் ஆறு பாடமும் முடிந்தது, கடைசி நான்கு செமஸ்டர் 8.2 என்ற இரண்டு தகவலும் அந்த வாக்கியம் சொல்ல நினைப்பதைத் தாமே சொல்லிவிடுகின்றன.

நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றும் இருக்கிறது, உங்கள் அக்கா. கேள்வியில் ஒரு வரியாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள், பத்தியில் அவரே இல்லை. படிப்பவரின் முக்கியமான கேள்விக்குப் பதில் அவரிடம்தான் இருக்கிறது. டயாலிசிஸ் ஒரு வருடத்தில் முடிந்துபோகிற சிகிச்சை இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். "இந்தப் பையன் இங்கே வந்த இரண்டாவது மாதத்தில் ஊருக்குத் திரும்ப வேண்டி வருமா?" என்று கவலைப்படுவது மனிதத் தன்மை இல்லாததால் அல்ல, ஓர் இடத்தை ஒதுக்கும்போது யோசித்தாக வேண்டிய விஷயம் அது. ஐந்தாவது செமஸ்டரிலிருந்து அக்கா பார்த்துக்கொள்கிறார், இன்றும் அவரே பார்க்கிறார் என்ற வரி அந்தக் கவலையைத் தீர்க்கிறது. அதோடு, மதிப்பெண் ஏன் அந்தக் குறிப்பிட்ட செமஸ்டரில் ஏறத் தொடங்கியது என்பதற்கும் அதுவே விளக்கம். பள்ளத்துக்கு மட்டுமல்ல, மேட்டுக்கும் காரணம் தெரிந்தால்தான் இரண்டும் பொருந்தும்.

இவற்றையெல்லாம் சேர்த்தால் பத்தி ஏறக்குறைய இப்படி வரும். நீங்கள் ஆங்கிலத்தில் எழுதும்போதும் இதே வரிசையை வைத்துக்கொள்ளலாம்.

"மூன்றாம் செமஸ்டரின் தொடக்கத்தில் என் தந்தைக்கு டயாலிசிஸ் சிகிச்சை ஆரம்பமானது. அடுத்த ஓராண்டு, வாரத்தில் இரண்டு நாள் அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று உடனிருக்கும் பொறுப்பு என்னுடையதாக இருந்தது. அந்த நாட்களின் வகுப்புகளுக்கு நான் போகவில்லை, பெரும்பாலான இன்டர்னல் தேர்வுகளையும் எழுதவில்லை. எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒரு பாடத்தின் 40 சதவீத மதிப்பெண் இன்டர்னலில் இருந்து வருகிறது. அந்த இரண்டு செமஸ்டர்களில், சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ் உட்பட ஐந்து பாடங்களில் முதல் முயற்சியில் தேறவில்லை. இரண்டாம் செமஸ்டரில் தேறாத கணிதப் பாடம் இதற்கு முந்தையது. அதற்கு நான் போதுமான அளவு தயாராகவில்லை. ஐந்தாம் செமஸ்டரில் என் அக்கா சொந்த ஊருக்கு மாறி வந்து தந்தையின் சிகிச்சையைக் கவனிக்கும் பொறுப்பை ஏற்றார்; இன்றும் அவரே கவனிக்கிறார். ஆறாம் செமஸ்டருக்குள் ஆறு பாடங்களையும் எழுதித் தேர்ந்தேன். கடைசி நான்கு செமஸ்டர்களின் சராசரி 8.2."

இதில் உணர்ச்சிச் சொல் என்று பார்த்தால் கிட்டத்தட்ட இல்லை. "துரதிர்ஷ்டவசமாக", "கொடுமையான", "மிகுந்த மனவேதனையுடன்" எதுவும் இல்லை. இருந்தும் படிப்பவருக்கு உங்கள் நிலைமை தெளிவாகத் தெரிகிறது. பத்தி சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க எனக்குத் தெரிந்த நல்ல சோதனை இதுதான்: இதைத் துறைத் தலைவர் கையில், பெரியப்பா கையில், அக்கா கையில் கொடுத்தால் மூவருமே "ஆமாம், இது நடந்ததுதான்" என்று ஒத்துக்கொள்வார்களா? யாராவது ஒருவர் "அப்படியில்லையே" என்று வாதாடத் தொடங்கும் வரி எது என்று யோசித்துப் பாருங்கள். அந்த வரியில் தகவலோடு தீர்ப்பும் கலந்திருக்கிறது.

"அரியர்" என்ற சொல்லையும் "ஆல் கிளியர்" என்பதையும் அப்படியே ஆங்கிலத்தில் போட்டுவிடாதீர்கள். அங்கே படிப்பவருக்கு அது விளங்காது. முதல் முயற்சியில் தேறாமல் பிறகு எழுதித் தேர்ந்த பாடம் என்று விரித்தே எழுதுங்கள்.

சரி, இதை எங்கே வைப்பது? முதல் பத்தியில் வேண்டாம். அப்பாவின் நோயில் தொடங்கும் எஸ்.ஓ.பி.யைப் படிப்பவர், மிச்சம் முழுவதையும் அந்தக் கண்ணாடி வழியாகவே பார்ப்பார். கடைசியிலும் வேண்டாம், ஒரு மன்னிப்புக் கடிதம்போல முடியும். உங்கள் இளநிலைப் படிப்பைப் பற்றிப் பேசும் நடுப்பகுதியில் இது வந்து, அடுத்த வரியே உங்கள் கடைசி வருடப் புராஜெக்ட் வேலைக்குப் போக வேண்டும். விண்ணப்பத்திலேயே கல்வியைப் பாதித்த சூழ்நிலைகளைச் சொல்லத் தனிப் பெட்டியோ விருப்பக் கட்டுரையோ இருந்தால் பத்தியை அங்கே கொண்டுபோய்விடுங்கள். பெர்க்லி போன்ற கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்கள் எஸ்.ஓ.பி.யோடு பர்சனல் ஹிஸ்டரி ஸ்டேட்மென்ட் என்று தனியாக ஒன்றைக் கேட்பதுண்டு. அப்படி இடம் இருந்தால் எஸ்.ஓ.பி.யில் ஒரே ஒரு வாக்கியம் போதும், மீதி இடம் முழுக்க உங்கள் துறைக்கு.

உங்களுக்கு உண்மையிலேயே அதிக இடம் தேவைப்படுவது அந்த அடுத்த வரிக்குத்தான். ஐந்து பாடம் என்ற எண்ணிக்கையைவிட எந்தப் பாடம் என்பது பெரிய கேள்வி. எலக்ட்ரோமேக்னட்டிக் ஃபீல்ட்ஸில் விழுந்து சிக்னல் பிராசசிங் கேட்பவரை யாரும் பெரிதாகத் துருவ மாட்டார்கள். சிக்னல்ஸில் விழுந்தவரைத் துருவுவார்கள். மறுதேர்வில் நல்ல கிரேடு வந்திருந்தால் அதை எழுதுங்கள். அதைவிட வலுவானது, அந்தப் பாடத்தைப் பயன்படுத்திச் செய்த ஒரு வேலை. உதாரணமாக ஒருவர் கடைசி வருடப் புராஜெக்டில் இ.சி.ஜி. சிக்னலில் இருந்து இரைச்சலை நீக்க எல்.எம்.எஸ். அடாப்டிவ் ஃபில்டர் எழுதியிருக்கிறார் என்று வையுங்கள். ஸ்டெப் சைஸைக் கூட்டினால் ஃபில்டர் சரியான விடையை வேகமாக நெருங்கியது, ஆனால் அலை தடுமாறியது, குறைத்தால் நிலையாக இருந்தது, ஆனால் நெருங்கவே நேரம் பிடித்தது, அதனால் எந்த மதிப்பில் நிறுத்தினேன், ஏன் என்று நான்கு வாக்கியம் எழுதினால், அந்தப் பேராசிரியர் மூன்றாம் செமஸ்டர் கிரேடை மறந்துவிடுவார். செய்து பார்த்தவரால் மட்டுமே எழுத முடிகிற வாக்கியங்கள் அவை. உங்களுக்கும் அப்படி ஒரு புராஜெக்டோ மினி புராஜெக்டோ இருக்கும். அதை இந்தப் பத்திக்கு அடுத்து வையுங்கள்.

ஜி.ஆர்.இ. 301க்கு விளக்கம் எழுதவே வேண்டாம். செமஸ்டர் மதிப்பெண்ணுக்குச் சொன்ன காரணத்தை இதற்கும் நீட்டுவது பெரிய ஆபத்து. நீங்கள் இந்தத் தேர்வை எழுதும்போது அப்பாவை அக்கா பார்த்துக்கொண்டிருந்தார் என்று உங்கள் பத்தியே சொல்கிறது. "எனக்குத் தேர்வுப் பயம்" என்பதும் உதவாது, அங்கே முதல் செமஸ்டரிலிருந்தே தேர்வுதான். இந்த விஷயத்தில் எழுத்தைவிடச் செயல் எளிது. ஜி.ஆர்.இ.யை 21 நாள் இடைவெளி விட்டு மறுபடி எழுதலாம், 12 மாதத்துக்குள் ஐந்து முறை வரை வாய்ப்பு உண்டு. எந்தத் தேதியின் மதிப்பெண்ணை அனுப்புவது என்று நீங்களே தேர்ந்தெடுக்கவும் முடியும். பல துறைகள் இப்போது ஜி.ஆர்.இ.யைக் கட்டாயமாகக் கேட்பதில்லை. கட்டாயம் இல்லாத இடத்துக்கு 301ஐ அனுப்பாமல் விடுங்கள். கட்டாயமான இடங்களுக்கு, குவான்ட் பகுதி எவ்வளவு என்று பார்த்து மறுபடி எழுதுவதா என்று முடிவெடுங்கள்.

உங்கள் பேட்ச்சுக்கு இன்னொன்று. 2021இல் தமிழ்நாட்டில் பிளஸ் டூ பொதுத்தேர்வு ரத்தானது. உங்கள் பிளஸ் டூ மதிப்பெண், பத்தாம் வகுப்பிலிருந்து 50 சதவீதம், பிளஸ் ஒன்னிலிருந்து 20, பிளஸ் டூ செய்முறை மற்றும் இன்டர்னலிலிருந்து 30 என்று கணக்கிடப்பட்டது. யாராவது பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கேட்டால் இந்தத் தகவலைக் குறிப்பாக ஒரு வாக்கியத்தில் கொடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். எல்லாரையும் ஒரேபோல் தொட்ட நிகழ்வுக்கு நீண்ட விளக்கம் எழுதுவது வீண். இலங்கையிலிருந்து விண்ணப்பிப்பவர்களுக்கும் இதே பிரச்சினை உண்டு. 2022ஆம் ஆண்டுக்குரிய உயர்தரப் பரீட்சை 2023 ஜனவரி, பெப்ரவரியில்தான் நடந்தது. அதனால் வரும் கால இடைவெளி மாணவருடையது இல்லை, தேதியைச் சொன்னால் போதும். அந்தக் காலத்தில் உங்களுக்கு மட்டும் என்று தனியாக ஏதாவது இருந்தால், உதாரணமாக மூன்று பிள்ளைகள் ஒரே போனில் ஆன்லைன் வகுப்பு பார்த்தது, அதை மட்டும் எழுதுங்கள்.

இந்தப் பதிலைப் படிக்கும் சிலருக்கு வேறு கேள்வி இருக்கும்: உண்மையிலேயே ஒருவர் தவறு செய்திருந்தால்? பள்ளியில் இரண்டு வருடம் இயற்பியலுக்கு ஆசிரியரே இல்லை, வீட்டில் அடி உதை, கல்லூரி கட்டணத் தகராறில் ஹால் டிக்கெட் தராமல் நிறுத்தியது. இதையெல்லாம் மறைக்கச் சொல்கிறேனா? இல்லை. நடந்ததை நடந்தபடி சொல்வது குறை சொல்வது ஆகாது. "11, 12 ஆகிய இரண்டு வகுப்புகளிலும் எங்கள் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்தது, பாடப்புத்தகத்தை வைத்து நாங்களே படித்தோம்" என்பது சரிபார்க்கக்கூடிய தகவல். "பள்ளி நிர்வாகம் எங்களை அலட்சியப்படுத்தியது" என்பது தீர்ப்பு. முதலாவதைப் படித்தவர் இரண்டாவதைத் தானே யோசித்துக்கொள்வார். வீட்டு வன்முறை போன்றவற்றில் விவரம் எதையும் நீங்கள் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. "பாதுகாப்புக் காரணங்களால் அந்த ஆண்டு இரண்டு முறை வீடு மாறினேன்" என்ற அளவில் நிறுத்திக்கொண்டு, விஷயம் தெரிந்த ஓர் ஆசிரியரைப் பரிந்துரைக் கடிதத்தில் அதை உறுதிசெய்யச் சொல்லலாம். தகராறு இன்னும் நீதிமன்றத்திலோ பல்கலைக்கழகத்திலோ நிலுவையில் இருந்தால், அதன் நியாயத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதாமல் தேதிகளை மட்டும் கொடுங்கள்.

இளநிலைக்கு விண்ணப்பிக்கும் தம்பி தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. அமெரிக்காவின் காமன் ஆப் என்ற பொது விண்ணப்பத்தில் 2025–26 முதல் சவால்களையும் சூழ்நிலைகளையும் சொல்வதற்கென்றே 250 வார்த்தை இடம் இருக்கிறது. பிரதான கட்டுரையை இதற்குச் செலவிட வேண்டாம். பிரிட்டனின் யூகாஸ் விண்ணப்பத்தில் இப்படிப்பட்ட சூழ்நிலைகளுக்கு ஆசிரியர் எழுதும் ரெஃபரன்ஸிலேயே தனிப் பகுதி உண்டு. அதனால் அங்கே முதலில் பேச வேண்டியது உங்கள் ஆசிரியரிடம்.

பரிந்துரைக் கடிதம் உங்களுக்கும் முக்கியம். நீங்களே சொல்வதைவிட, அந்த இரண்டு செமஸ்டரில் உங்களைப் பார்த்த ஒருவர் இரண்டு வரி சொன்னால் அதற்கு எடை அதிகம். மூன்று கடிதமும் இதையே பேச வேண்டியதில்லை, ஒருவர் போதும். புராஜெக்ட் கைடோ, அந்தச் சமயத்தில் உங்களுக்கு வகுப்பு எடுத்தவரோ பொருத்தமானவர். அவரிடம் "அப்பா விஷயத்தையும் கொஞ்சம் எழுதுங்க சார்" என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். உங்கள் பத்தியையும் செமஸ்டர்வாரி மதிப்பெண் பட்டியலையும் அனுப்பி, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எந்தப் பாடங்கள் என்று அவர் ஒரு பார்வையில் பார்க்கும்படி கொடுங்கள். இரண்டு இடத்திலும் தேதி ஒன்றாக இருக்க வேண்டும். நீங்கள் ஓராண்டு என்று எழுதி அவர் இரண்டாண்டு என்று எழுதினால் சிக்கல். மருத்துவமனை ரிப்போர்ட்டுகளை யாரும் கேட்காமல் இணைக்க வேண்டாம், அது அப்பாவின் அந்தரங்கம். கேட்டால் காட்டும்படி சிகிச்சை தொடங்கிய தேதி உள்ள ஒரு சான்றிதழை மட்டும் ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவிடமும் அக்காவிடமும் பத்தியை ஒருமுறை படித்துக் காட்டி, இப்படி எழுதலாமா என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள். அவர்கள் வாழ்க்கையும் அதில் இருக்கிறது.